மாஸ்ரர் ஞாபகார்த்தக் கிண்ணம்: அனுசரணைக்கு நன்றி

கரவெட்டி
05.09.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் அப்பா, எங்கள் மாஸ்ரரின் பேரில் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் கடந்த ஞாயிற்றுக்கிழமை நல்லபடி முடிந்தது. படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். படத்தில் கிண்ணமும் மேடையும்தான் விழும். நீங்கள் அனுப்பிய ஐந்து இலட்சம் ரூபாயால் பெடியளுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நீங்கள் அறியவேண்டும். நிர்வாக சபை சார்பில் உங்களுக்கும் தம்பிமாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

"பெரிய கப் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், அப்பான்ர பேரில குடுக்கிறது விளையாடுற பிள்ளையளுக்கு மிஞ்சவேணும்" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். ஆளுயரக் கிண்ணம் இல்லாத சுற்றுப்போட்டியை யார் மதிப்பார்கள் என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள்தான். கிண்ணங்களுக்கும் பதக்கங்களுக்கும் சேர்த்து 30,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டோம். வந்த அணிகள் ஒன்றும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

பெரிய செலவு மின்விளக்குகளுக்கு: கம்பம், வயர், கூலி எல்லாம் சேர்த்து 215,000. உங்களுக்குத் தெரியும், இங்கே பின்னேர விளையாட்டுக்கு முதல் எதிரி டியூசன். பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்போது பொழுது பட்டுவிடும். மேசன் வேலைக்குப் போகிற பெரிய பெடியளுக்கும் அதே கதை. இப்போது ஆறரைக்குப் பிறகு பயிற்சி நடக்கிறது. முன்பு ஒரு பக்கத்துக்கு ஆள் சேர்க்கவே அயலில் கூப்பிட்டுத் திரிந்தோம்; இப்போது இரண்டு அணியாகப் பிரித்து விளையாட விடுகிறோம், வெளியிலும் ஆட்கள் நிற்கிறார்கள். அரையிறுதியில் நாவாந்துறை அணியோடு கடைசி விசில் வரை எங்கள் பெடியள் ஓடினார்கள். உதைபந்தாட்டத்தில் அவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2–1 என்று தோற்றோம். ஆனால் போன வருடங்களில் இரண்டாம் பாதியில் இடுப்பில் கைவைத்து நிற்பவர்கள் இந்த முறை அப்படி நிற்கவில்லை.

அடுத்தது கால். 14 சோடி பூட்ஸ், 28 சோடி ஷின் காட், இரண்டுக்கும் 140,000. ஷின் காட் இல்லாமல் களத்தில் இறங்கக்கூடாது என்பது விதி. ஊர்ப் போட்டிகளில் மத்தியஸ்தர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள், சிலர் காட்போட் மட்டையை வெட்டிச் சொக்சுக்குள் செருகிக்கொண்டு வருவதும் உண்டு. இந்த முறை மட்டைக்கு வேலை இருக்கவில்லை. முதலுதவி மேசையில் நின்றவர்களைக் கேட்டேன். சிராய்ப்பும் தசைப்பிடிப்பும் தவிர வேறொன்றுக்கும் ஆள் வரவில்லை என்றார்கள். பூட்ஸை யாருக்கும் சொந்தமாகக் கொடுக்கவில்லை. அளவு எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறோம், தேவையானவர் எடுத்து விளையாடித் துடைத்து வைக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளின் கால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்பதால் இதுதான் நல்ல ஏற்பாடு என்று பட்டது.

பந்தும் வலையும் 62,000. இதில் எனக்கு ஆகப் பிடித்தது இரண்டு 4ஆம் இலக்கப் பந்துகள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்த அளவுதான். இவ்வளவு காலமும் அவர்களும் பெரியவர்களின் 5ஆம் இலக்கப் பந்தையே உதைத்தார்கள். அது அவர்களுக்குப் பாரம், ஒரே அடியாக அடித்துத் துரத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது உள்ளங்காலால் நிறுத்துகிறார்கள், பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மாஸ்ரர் எங்களுக்குப் படிப்பித்த காலத்தில் "பந்தை ஏனடா அடிக்கிறாய், குடு" என்று சத்தம் போடுவாரே, அதை இவர்கள் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் செய்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் காட்சி ஆட்டம் ஒன்றும் வைத்தோம். விளக்கு இருப்பதால் பயிற்சிக்கு விடலாம் என்று தாய்மார் சிலர் தாங்களாகவே வந்து சொன்னார்கள். திரும்பிப் போகும் ஒழுங்கை இன்னும் இருட்டுத்தான், அதனால் இப்போதைக்கு அவர்களுக்கு ஏழரையோடு முடித்து வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போகிறார்கள். தெருவிளக்குக்குப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

மத்தியஸ்தர் கொடுப்பனவு, தண்ணீர், மருந்து எல்லாம் 38,000. மிச்சம் 15,000 கையில் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் அதை மின்சாரக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைக்கிறோம். அதற்குப் பிறகு மாதாமாதம் உறுப்பினர்கள் போடுவதாகத் தீர்மானித்திருக்கிறோம், உங்களிடம் கேட்கமாட்டோம். பற்றுச்சீட்டுகளின் பிரதி எல்லாம் இதோடு இருக்கிறது; ஏதும் விளங்காவிட்டால் எனக்கு ஒரு கோல் எடுங்கோ.

அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ. வெற்றிக்கிண்ணத்தை மாஸ்ரரின் தம்பி, உங்கள் சித்தப்பாதான் கொடுத்தார். பேசச் சொன்னோம், மைக்கை வாங்கி "பெடியள், நல்லா விளையாடினியள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அன்புடன்,
செயலாளர்
நிர்வாக சபை சார்பில்