மூன்று கதவு வார்ட்ரோப் விற்பனைக்கு: ₹5,000, மடிப்பாக்கம், 2-ஆம் மாடி, லிஃப்ட் இல்லை

2019-ல் கடையில் வாங்கிய ரெடிமேட் வார்ட்ரோப். தேக்கோ பிளைவுட்டோ இல்லை; 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு, மேலே வால்நட் நிற லேமினேட். பின்பலகை 3 மி.மீ. எம்டிஎஃப். படத்தில் தேக்கு மாதிரி தெரியும், அதை நம்பி வந்து ஏமாற வேண்டாம்.

வெளி அளவு: உயரம் 78 இன்ச், அகலம் 54 இன்ச், ஆழம் 22 இன்ச். கைப்பிடி இன்னும் ஒன்றரை இன்ச் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் ஒற்றைக் கதவு, உள்ளே நான்கு தட்டு. வலப்பக்கம் இரட்டைக் கதவு. ஹேங்கர் கம்பி, அதன் கீழே முழு அகலத்துக்கு இரண்டு டிராயர். நடுக் கதவில் 48 × 14 இன்ச் கண்ணாடி.

ஒவ்வொரு கதவும் 18 இன்ச். எதிரே கட்டில் இருந்தால் குறைந்தது 24 இன்ச் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கதவு திறக்கும், ஆள் நிற்க இடம் இருக்காது. வலப்பக்கம் சுவரோடு ஒட்டி வைக்கவே கூடாது. கைப்பிடி சுவரில் இடித்து, கதவு முழுசாகத் திறக்காமல் நின்றுவிடும். டிராயரை இழுத்தால் கதவின் உள்பக்கத்தில் உரசும். இரண்டு மூன்று இன்ச் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி குறைகள். இடப்பக்கப் பலகையின் அடியில், பின் மூலையில் மூன்று இன்ச் நீளத்துக்கு ஊதியிருக்கிறது. வீடு துடைக்கும் ஈரம் ஏறியதுதான் காரணம். 18 மி.மீ. இருக்க வேண்டிய இடம் இப்போது 21 மி.மீ.; காய்ந்தாலும் பழையபடி ஆகாது, ஆனால் எடை தாங்குகிறது. அடியில் பிளாஸ்டிக் புஷ் வைத்து அரை இன்ச் தூக்கிவிட்டால் மேற்கொண்டு ஏறாது. வலக் கதவின் கீழ் விளிம்பில் எட்ஜ் பேண்ட் ஐந்து இன்ச் பிரிந்திருக்கிறது, ஒட்டினால் சரியாகும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ரசம் போய்க் கறுப்புப் புள்ளிகள். கண்ணாடிக் கதவு கனமானது, அதனால் மேல் கீல் ஸ்க்ரூவின் துளை ஒருமுறை பெரிதாகிவிட்டது. மரக்குச்சி அடித்து ஃபெவிகால் வைத்து மறுபடி முடுக்கியிருக்கிறது. இப்போது கதவு தொங்கவில்லை. பூட்டுக்கு ஒரே சாவிதான். கரையான் இல்லை, பின்பக்கத்தை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

எடுத்துப் போவதுதான் பெரிய வேலை. முழுசாக வெளியே வராது. அறை வாசலில் நிலைக்குள் 30 இன்ச்தான் கிடைக்கிறது, வெளியே நடை 36 இன்ச். 54 இன்ச் சாமான் அங்கே திரும்பாது. கழற்றித்தான் ஆக வேண்டும். மொத்த எடை சுமார் 120 கிலோ. பக்கப் பலகை ஒவ்வொன்றும் 14 கிலோ, கண்ணாடிக் கதவும் கிட்டத்தட்ட அவ்வளவே. மாடிப்படி மூன்றடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். கழற்றிய பலகையை நிமிர்த்திப் பிடித்தால் சிரமமில்லாமல் இறங்கும். இரண்டு ஆள் போதும். குட்டி யானை வண்டியில் எல்லாம் படுத்துவிடும். கண்ணாடிக் கதவை மட்டும் படுக்கப் போடாமல், துணி சுற்றி விளிம்பில் நிறுத்திக் கட்டுங்கள்.

கழற்றும் வரிசை முக்கியம்: முதலில் டிராயரும் தட்டுகளும், பிறகு கதவுகள், அதிலும் கண்ணாடிக் கதவு முதலில். அடுத்து பின்பலகையின் ஆணி, கடைசியில்தான் பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ். பின்பலகை போன பிறகு சட்டத்தை யாரும் தள்ளக்கூடாது. அது கோணிக்கொண்டால் மினிஃபிக்ஸ் போல்ட் போர்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், அந்தத் துளை அப்புறம் உதவாது. 2022-ல் வீடு மாறியபோது ஒருமுறை கழற்றி மாட்டியது. இன்னொரு முறை தாங்கும்; வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

உங்கள் வீட்டில் தரையில் படுக்க வைத்து மாட்டி நிமிர்த்துவதானால், மூலைவிட்டம் 81 இன்ச் வரும். லாஃப்ட்டின் அடிப்பக்கம் ஏழடியில் இருந்தால் தப்பிக்கும், ஆறே முக்கால் அடியில் இருந்தால் தட்டும். அங்கே நிற்க வைத்தே மாட்டச் சொல்லுங்கள், கூட ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

கார்பென்டர் கூலி, வண்டி வாடகை உங்களுடையது. வீட்டில் ட்ரில் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்க்ரூவும் மினிஃபிக்ஸும் டப்பாவில் போட்டுத் தருகிறோம். நேரில் பார்த்துவிட்டு 500 ரூபாய் வரை பேசலாம், பார்க்காமல் விலை கேட்க வேண்டாம். சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வரலாம். மாத முடிவில் வீடு காலி செய்கிறோம், 28-ஆம் தேதிக்குள் எடுத்துவிட வேண்டும்.