புகார்தாரரின் அடையாளத்தைத் தர மறுக்கும் ஆணை

பெருநகர சென்னை மாநகராட்சி
மண்டல அலுவலகம், திரு.வி.க. நகர்

பொதுத் தகவல் அலுவலரின் ஆணை
ந.க. எண்: த.அ.உ. 214/2025
நாள்: 31.07.2025

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 – பெரம்பூர், பள்ளிக்கூடத் தெரு, புதிய எண் 14, பழைய எண் 31 கட்டடம் – புகார் அளித்தவரின் பெயர், முகவரி மற்றும் புகார் மனு நகல் கோரியது – ஒரு பகுதி வழங்கியும் ஒரு பகுதி மறுத்தும் ஆணை.

பார்வை: 1. திரு. மு. செல்வராஜ் அவர்களின் மனு, 07.07.2025 அன்று பெறப்பட்டது.
2. மூன்றாம் தரப்பினரான புகார்தாரருக்கு இவ்வலுவலக அறிவிப்பு, நாள் 10.07.2025.
3. மூன்றாம் தரப்பினரின் எழுத்துப்பூர்வ பதில், 18.07.2025 அன்று பெறப்பட்டது.

ஐயா,

தங்கள் கட்டடத்துக்கு 29.04.2025 அன்று பணி நிறுத்த அறிவிப்பு வழங்கப்பட்டது. அதையொட்டித் தாங்கள் நான்கு இனங்களில் தகவல் கேட்டிருக்கிறீர்கள்: முதலாவது, புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும்; இரண்டாவது, புகார் மனுவின் நகல்; மூன்றாவது, தள ஆய்வு அறிக்கை, புகைப்படங்கள், அலுவலகக் குறிப்புகள்; நான்காவது, அதே தெருவில் உள்ள மற்ற கட்டடங்கள் மீது ஏன் நடவடிக்கை இல்லை என்பதற்கான விளக்கம்.

மூன்றாவது இனம் முழுமையாக வழங்கப்படுகிறது. 11 பக்கங்களுக்கான ரூ.22-ஐத் தாங்கள் 21.07.2025 அன்று செலுத்திவிட்டீர்கள். நகல்கள் இத்துடன் உள்ளன. நடவடிக்கை இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லி, பிரிவு 8(1)(ஹெச்)-இன் கீழ் இவற்றையும் மறுக்கலாமே என்ற கருத்து கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அதை நான் ஏற்கவில்லை. விசாரணை நிலுவையில் இருப்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என டில்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படிக் காட்ட இந்தக் கோப்பில் எதுவும் இல்லை.

முதல் இனமும் இரண்டாவது இனமும் மறுக்கப்படுகின்றன.

பிரிவு 8(1)(ஜி) இரண்டு வகைத் தகவல்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஒன்று, வெளியிட்டால் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவல். மற்றொன்று, சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்காகவோ பாதுகாப்புக்காகவோ நம்பிக்கையின்பேரில் தகவலோ உதவியோ தந்தவரை அடையாளம் காட்டிவிடும் தகவல். முதல் பகுதியை நான் இங்கே பயன்படுத்தவில்லை. தாங்கள் எவருக்கும் தீங்கு செய்வீர்கள் என்று கருத என் முன் எந்த ஆதாரமும் இல்லை. புகார்தாரரிடம் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளவே கேட்பதாக மனுவில் எழுதியிருக்கிறீர்கள். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) கூறுகிறது. ஆகவே அந்த வரியைத் தங்களுக்கு எதிராக நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த மறுப்பு இரண்டாவது பகுதியை மட்டுமே சார்ந்தது. அனுமதியற்ற கட்டுமானத்தை நிறுத்துவதும் அகற்றச் சொல்வதும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57 ஆகிய பிரிவுகளின் கீழ் வருவன. அதற்காகத் தரப்படும் தகவல், சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தரப்படும் தகவல்தான். அந்தச் சொற்கள் காவல் துறைக்கு மட்டும் உரியவை என்று சட்டம் சொல்லவில்லை. நம்பிக்கையின்பேரில் தரப்பட்டதா என்பதற்குப் புகார் மனுவே சாட்சி. கையால் எழுதிய அந்த மனுவின் தலைப்பிலேயே "பெயரை வெளியிட வேண்டாம்" என்று எழுதிச் சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார்கள். பிரிவு 11-இன்படி கருத்துக் கேட்டபோதும் புகார்தாரர் எழுத்துமூலம் ஆட்சேபித்துள்ளார்.

பெயரை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க முடியுமா என்று பிரிவு 10-இன்படி பார்த்தேன். ஒருமுறைக்கு இருமுறை மனுவைப் படித்துத்தான் முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். கையெழுத்து ஒரு பக்கம் இருக்க, வாசகங்களே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை. எந்த வாசகம் என்று இங்கே சொன்னால் அதுவே அடையாளமாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. மேல்முறையீட்டு அலுவலர் கேட்டால் மூல மனுவை அவரிடம் நேரில் காட்டுவேன். பிரிக்கக்கூடிய பகுதி ஒன்றுதான், அதைத் தருகிறேன்: அனுமதித்த வரைபடத்துக்கு மேல் ஒரு தளம் எழும்புகிறது, கிழக்குப் பக்கம் இடைவெளி விடவில்லை என்பதே புகாரின் சாரம். விடைத்தாள் திருத்தியவர்களின் விவரம் வெளிப்படும் பகுதிகளை இதே பிரிவின் கீழ் நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 09.08.2011 அன்று அளித்த தீர்ப்பின் வழியிலேயே இதைச் செய்துள்ளேன்.

பிரிவு 8(2)-இன்படி, பாதுகாக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்குக்கு உட்பட்ட தகவலையும் தரலாம். புகார் பொய்யாக இருந்து, அதை வைத்தே தங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும். ஆனால் அறிவிப்பு புகாரை நம்பி வழங்கப்படவில்லை. உதவிப் பொறியாளர் 23.04.2025 அன்று நேரில் அளந்து பார்த்திருக்கிறார். வரைபடத்தில் வாகன நிறுத்தத் தளமும் மேலே இரண்டு தளங்களும் இருக்க, மூன்றாம் தளத்துக்குத் தூண் எழுப்பிக் கம்பி கட்டப்பட்டிருந்தது. கிழக்குப் பக்க இடைவெளி வரைபடத்தில் 1.5 மீட்டர், நாடா வைத்து அளந்தபோது 0.9 மீட்டர். இந்த அளவுகளும் நான்கு புகைப்படங்களும் தங்கள் கையில் தரப்படுகின்றன. அளவு தவறு என்றால் அதைத் தாங்கள் மறுக்கலாம்; அதற்குப் புகார்தாரர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. பெயர் வெளியாகும் என்று தெரிந்தால் நாளை எவரும் மாநகராட்சிக்குத் தகவல் தர முன்வரமாட்டார்கள். தங்கள் பக்கத்து மனையில் விதி மீறல் நடந்தால் தாங்களும் இந்தப் பாதுகாப்பை நம்பித்தான் மனு கொடுப்பீர்கள்.

நான்காவது இனம் விளக்கம் கேட்கும் கேள்வி. பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்பது அலுவலகத்தில் பதிவாக உள்ளது. "ஏன் நடவடிக்கை இல்லை" என்பதற்குப் பதிவு எதுவும் கோப்பில் இல்லாததால் வழங்க இயலவில்லை. குறிப்பிட்ட கதவு எண்ணைச் சொல்லி அதற்கு வழங்கிய அறிவிப்பின் நகலையோ அனுமதி வரைபடத்தையோ கேட்டால் அது தனி மனுவாகப் பரிசீலிக்கப்படும்.

பணி நிறுத்த அறிவிப்பு சரியா தவறா என்பது இந்த ஆணையில் முடிவு செய்யப்படவில்லை. அதற்கான தங்கள் விளக்கத்தைச் செயற்பொறியாளரிடம் தனியாக அளிக்க வேண்டும். இந்த ஆணைக்காகவோ மேல்முறையீட்டுக்காகவோ அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஆணை ஏற்புடையதாக இல்லையெனில், இது தங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். அனுப்ப வேண்டியவர்: மேல்முறையீட்டு அலுவலர் மற்றும் மண்டல அலுவலர், இதே மண்டல அலுவலகம், திரு.வி.க. நகர். கட்டணம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இந்த ஆணையின் நகலையும் தங்கள் மனுவின் நகலையும் இணைத்தால் போதும். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்கள் கடந்துவிட்டாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் 30 நாட்களில், காரணத்தை எழுத்தில் பதிந்தால் அதிகபட்சம் 45 நாட்களில், முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு கிடைத்த நாளிலிருந்தோ கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 90 நாட்களுக்குள் பிரிவு 19(3)-இன் கீழ் சென்னை நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். எந்த மேல்முறையீட்டிலும், மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி என்னுடையது, தங்களுடையது அல்ல.

(ஒப்பம்)
ச. வளர்மதி
உதவி செயற்பொறியாளர் மற்றும்
பொதுத் தகவல் அலுவலர்

இணைப்பு: 11 பக்கங்கள்

பெறுநர்: திரு. மு. செல்வராஜ், பெரம்பூர், சென்னை – 600 011 (ஒப்புகையுடன் கூடிய பதிவு அஞ்சலில்)
நகல்: மேல்முறையீட்டு அலுவலர் மற்றும் மண்டல அலுவலர்