ஏலமும் பாக்கெட்டும்: காலாண்டு விற்பனைக் கூட்டத்தில் மேலாளர் உரை

தலைவர் அவர்களே, இயக்குநர் குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கொழுந்து எடுக்கிற நேரத்தில் தோட்டத்தை விட்டுவிட்டுக் கோத்தகிரி வரை வந்திருக்கிறீர்கள். நேராகப் படத்துக்கே போய்விடுகிறேன்.

திரையில் எட்டுத் தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலாண்டு. இடது ஓரத்தில் இருப்பது 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை. வலது ஓரத்தில், இப்போது முடிந்த 2025 ஜனவரி முதல் மார்ச் வரை. உயரம் மொத்த விற்பனை, லட்ச ரூபாயில். மேலே பச்சை நிறத்தில் இருப்பது குன்னூர் ஏலத்தில் விற்ற தேயிலைத் தூள். அடியில் பழுப்பு நிறத்தில் இருப்பது நாமே பாக்கெட் போட்டு விற்றது.

பார்த்ததும் கண் போவது உயரத்துக்குத்தான். முதல் தூண் 190 லட்சம், கடைசித் தூண் 109 லட்சம். விற்பனை சரிந்துவிட்டதோ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏப்ரல், மே மழைக்குப் பிறகு வரும் இலை வேறு, உறைபனியில் கருகிப்போன ஜனவரிச் செடி தரும் இலை வேறு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இந்த ஏற்ற இறக்கத்தை இன்று ஒதுக்கிவிடலாம். ஜனவரி–மார்ச்சை முந்தைய ஆண்டு ஜனவரி–மார்ச்சோடு மட்டும் வைத்துப் பாருங்கள். அதாவது நான்காவது தூணையும் எட்டாவது தூணையும்.

அது 105, இது 109. மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பச்சைப் பகுதி 92 லட்சத்திலிருந்து 85 லட்சமாக இறங்கியிருக்கிறது. பழுப்புப் பகுதி 13லிருந்து 24 ஆகியிருக்கிறது. ஏலத்தில் போன 7 லட்சத்தை ஈடு செய்து, அதற்கு மேல் 4 லட்சத்தையும் கொடுத்தது பாக்கெட்தான். நான் இன்று காட்ட வந்தது இதைத்தான்.

இப்போது பச்சையை மறந்துவிட்டு, பழுப்பை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள்: 9, 10, 12, 13, 16, 18, 21, 24. எட்டுக் காலாண்டில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. உறைபனிக் காலாண்டுகள் இரண்டிலும்கூட ஏறித்தான் இருக்கிறது.

சுற்றுலாப் பயணிகள் வாங்கியிருப்பார்கள் என்று சிலர் நினைக்கலாம். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, கவுன்டர் விற்பனை என்ன ஆகுமோ என்று இதே அறையில் கவலைப்பட்டோம். அதனால் பழுப்பையும் பிரித்துப் பார்த்தேன். நம் கவுன்டர் விற்பனை போன ஆண்டு ஜனவரி–மார்ச்சில் 8 லட்சம், இந்த ஆண்டு 9 லட்சம். கோவை, திருப்பூர், ஈரோடு கடைகளுக்குப் போனது 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் ஆகியிருக்கிறது. வளர்ச்சி கீழே இருக்கிறது, மலையில் இல்லை. கால் கிலோ பாக்கெட்டை வாங்கிய கடைக்காரர் அடுத்த மாதமும் போன் செய்து கேட்கிறார். வழியில் நின்று ஒரு பாக்கெட் வாங்கிப் போகிறவரை நம்பிய வியாபாரம் இல்லை இது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடைசிக் காலாண்டில் நூறு ரூபாய் விற்பனையில் 22 ரூபாய் பாக்கெட்டிலிருந்து வந்தது. அந்த 22ஐப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இலை குறைந்து ஏலம் சின்னதாக இருக்கும் காலாண்டு இது. ஜூன் முடிவில் ஏலம் பெருகும்போது பங்கு தானாகக் குறைந்து தெரியும். அப்போது பாக்கெட் விழுந்துவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். பங்கைப் பார்க்காமல் ரூபாயைப் பாருங்கள். 2024 ஏப்ரல்–ஜூனில் அது 16 லட்சம். வரும் ஜூனில் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, இது விற்பனைதான், லாபம் இல்லை. பாக்கெட்டுக்குக் கவர், அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் உண்டு. கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் தாமதமாகத்தான் வரும். ஆனாலும் இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏலத்தில் விலையை நாம் வைப்பதில்லை. அங்கே கிலோவுக்கு நான்கு ரூபாய் இறங்கினால், அடுத்து இலைக்குக் கொடுக்கும் விலையில்தான் அது தெரிகிறது. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் நம் உறுப்பினர் அந்த மாதம் உரம் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். பாக்கெட்டில் மட்டும்தான் விலையை எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது பாக்கெட் இயந்திரம் வாங்கலாமா என்பது இன்றைய மூன்றாவது பொருள். அதற்கு முன் கணக்காளர் அடுத்த படத்தில், செலவு போகக் கிலோவுக்கு ஏலத்தில் எவ்வளவு நிற்கிறது, பாக்கெட்டில் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுவார். பழுப்புப் பகுதியைப் பற்றிக் கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவரிடம் விடுகிறேன்.