ஒரு வரி தவறினால் முழுப் பில்லும் நிற்க வேண்டியதில்லை

32 வரிகள் உள்ள ஒரு பில். 31 வரிகளில் ஒரு குறையும் இல்லை. 17ஆவது வரியில் மட்டும் கையுறைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. அந்த ஒரு வரிக்காக முழுப் பில்லும் நிற்கிறது. சொன்ன நாளில் சரக்கை இறக்கிவிட்டுப் போன சப்ளையர், பணம் எப்போது வரும் என்று வாரத்துக்கு இரண்டு முறை அழைக்கிறார்.

இன்று முதல் எங்கள் கொள்முதல் மென்பொருளில் 'வரிவாரிச் சரிபார்ப்பு' செயல்பாட்டுக்கு வந்திருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டர், கிடங்கின் சரக்கு வரவுச் சீட்டு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிறகே பணம் தருவது கணக்குப் பிரிவின் பழைய ஒழுங்கு. அதில் நாங்கள் கை வைக்கவில்லை. இதுவரை முழுப் பில்லுக்கும் சேர்த்து ஒரே முடிவாக வந்தது, இனி ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக வரும். பொருந்திய வரிகள் பணம் செலுத்தும் பட்டியலுக்குப் போய்விடும். பொருந்தாத வரி மட்டும், ஏன் பொருந்தவில்லை என்ற குறிப்போடு, பதில் சொல்லக்கூடியவரின் திரைக்குப் போகும். விலை வேறுபட்டால் கொள்முதல் அதிகாரிக்கு. எண்ணிக்கை வேறுபட்டால் கிடங்குப் பொறுப்பாளருக்கு.

இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். மென்பொருள் துறைக்கு வருமுன் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் பில் பார்க்கும் வேலையில் இருந்தேன். மாதக் கடைசியில் என் மேசையில் தேங்கிய பில்களில் உண்மையான தகராறு உள்ளவை குறைவு. யாரைக் கேட்பது என்று தெரியாமலும், கேட்டவரிடமிருந்து பதில் வராமலும் கிடந்தவையே அதிகம். ஒரு மின்னஞ்சல் நான்கு பேரைச் சுற்றி மீண்டும் என்னிடமே வந்து சேரும். அந்த நாள்களில் எனக்கு வேண்டியிருந்த கருவியை இப்போது கட்டியிருக்கிறோம்.

அந்த 17ஆவது வரிக்கே திரும்புவோம். ஆர்டரில் 40 பெட்டி. கிடங்கில் எண்ணி வாங்கியதும் 40 பெட்டி. பில்லில் 2,000 ஜோடி. ஒரு பெட்டியில் 50 ஜோடி இருப்பதால் மூவரும் சொல்வது ஒரே அளவுதான், ஆனால் எண்களை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அது பிழை. இனி இப்படி ஒரு வரி நின்றால், '1 பெட்டி = 50 ஜோடி' என்று ஒருமுறை உறுதி செய்தால் போதும். அந்தச் சப்ளையருக்கும் அந்தப் பொருளுக்கும் உரிய மாற்றளவாக அது பதிவாகிவிடும், அடுத்த பில்லில் கேள்வியே எழாது. வேறு சப்ளையரின் பெட்டிக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு பெட்டியில் 100 ஜோடி இருக்கலாம் என்பதால் வேண்டுமென்றே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்.

பகுதியாக வரும் சரக்குக்கும் இதே முறைதான். 100 கேட்டீர்கள், 60 வந்தது, பில் 100க்கு வந்தது என்றால் 60க்கு உரிய தொகை பட்டியலுக்குப் போகும். மீதி 40, கிடங்கில் வரவு பதிவாகும் நாள் வரை காத்திருந்து, பதிவானதும் தானாகவே விடுபடும். பில்லைப் பிரித்துச் செலுத்தக் கூடாது என்பது உங்கள் நிறுவனத்தின் விதியானால், அதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது: பில் முழுதாக நிற்கும், குறைவுத் தொகைக்கான டெபிட் நோட் வரைவு தயாராக இருக்கும், நீங்கள் பார்த்து அனுப்பலாம்.

நிதித் தலைவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கும் உண்டு. '2/10, நிகரம் 30' என்ற நிபந்தனையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நாளுக்குள் செலுத்தினால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத் தொகை. ஒரு வரிக்காகப் பில் நின்று அந்த 10 நாள் கடந்துவிட்டால், 20 நாள் கூடுதல் அவகாசத்துக்காக 98இல் 2 பங்கை இழக்கிறீர்கள். இதை எளிய வட்டியாக ஆண்டுக்குக் கணக்கிட்டால் 37 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அந்த வட்டிக்கு எந்த நிறுவனமும் தெரிந்தே கடன் வாங்காது.

பணம் வேகமாக வெளியே போகிறது என்றால் காவலும் அதற்கேற்ப வேண்டும். அனுமதிக்கும் வேறுபாட்டுக்குச் சதவீதம், தொகை என இரண்டு வரம்புகள் வைக்கலாம். எது குறைவோ அதுவே செல்லும். சதவீதம் மட்டும் வைத்தால், பெரிய ஆர்டரில் 2 சதவீதம் என்பதே பெரும் தொகையாகிவிடும். தொடக்கத்தில் இரண்டும் பூஜ்யமாக இருக்கும், நீங்களாக உயர்த்தினால்தான் உயரும். வரம்பை மாற்றும் உரிமை உள்ளவரால், நின்றுபோன வரியை விடுவிக்க முடியாது. யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்பது பதிவில் நிற்கும். நிர்வாகி உட்பட எவரும் அதை அழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இரட்டைப் பில்லையும் இங்கேயே பிடிக்கிறோம். `INV-0045`, `INV 0045`, `inv45` மூன்றும் ஒரே சப்ளையரிடமிருந்து ஒரே தொகைக்கு வந்தால், இரண்டாவதும் மூன்றாவதும் நிற்கும். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தால், வரிகள் எல்லாம் பொருந்தினாலும் பணம் போகாது. ஏற்கெனவே பதிவில் உள்ள தொலைபேசி எண்ணில் ஒருவர் அழைத்து உறுதி செய்ய வேண்டும். கணக்கு மாறிவிட்டது என்று வரும் போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்த நிறுவனங்கள் எத்தனையோ. அந்த ஓர் அழைப்பை மட்டும் நாங்கள் தானியங்கி ஆக்கவில்லை, ஆக்கவும் மாட்டோம்.

இந்த வசதியால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை, ஆலோசனைக் கட்டணம் போன்றவற்றுக்குச் சரக்கு வரவுச் சீட்டு இல்லை. அங்கே ஆர்டரும் பில்லும் மட்டுமே ஒப்பிடப்படும், சேவை கிடைத்ததா என்பதை ஒரு மனிதர்தான் உறுதி செய்ய வேண்டும். கிடங்கில் வரவைப் பதிய மூன்று நாள் தாமதித்தால் பில்லும் மூன்று நாள் தாமதிக்கும். கையால் எழுதி ஸ்கேன் செய்த பில்களை ஒருவர் பார்த்துச் சரிசெய்யாமல் அடுத்த கட்டத்துக்கு விடமாட்டோம்.

வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக 'ஒத்திகை' என்ற முறையையும் சேர்த்திருக்கிறோம். கடந்த மூன்று மாதங்களில் நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த ஆர்டர், வரவு, பில் விவரங்களை `CSV` கோப்புகளாக ஏற்றுங்கள். எந்த வரிகளை நிறுத்தியிருப்போம், எந்தப் பில்களை முன்பே விட்டிருப்போம், எதற்கு இரண்டு முறை பணம் போயிருக்கலாம் என்று பட்டியலிட்டுத் தருவோம். உங்கள் கணக்கு மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறாது. அந்தப் பட்டியலை உங்கள் கணக்குப் பிரிவில் தினமும் பில் பார்க்கும் ஊழியரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். எங்கள் விற்பனைப் பிரிவின் பேச்சைவிட அவருடைய சொல்லை நம்புங்கள்.

இப்போதுள்ள வாடிக்கையாளர்களுக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. 'அமைப்புகள்' பக்கத்தில் 'சரிபார்ப்பு' என்ற பகுதியில் இதை இயக்கலாம். முதலில் ஐந்து சப்ளையர்களுக்கு மட்டும் இயக்கிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விரிவாக்குவது நல்லது. புதிதாக வருபவர்கள் 'ஒத்திகை' என்ற ஒரு சொல்லை எனக்குத் தனிச்செய்தியாக அனுப்பினால் போதும். கோப்புகளை எந்த வடிவில் தர வேண்டும் என்ற விவரத்தோடு நானே பதில் எழுதுகிறேன்.

#கொள்முதல் #கணக்குப்பிரிவு #நிதிமேலாண்மை #வரிவாரிச்சரிபார்ப்பு