நீங்கள் ரெஃபர் செய்த வேலை பற்றி

அக்கா,

அந்த பேக்எண்ட் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியமே ஹெச்.ஆர். மெயில் வந்துவிட்டது. இன்று வெள்ளி. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் ரெஃபரல் பக்கத்தில் நிலை மாறியிருப்பதை இதற்குள் நீங்களே பார்த்திருக்கலாம். அப்படியிருந்தால் மன்னித்துவிடுங்கள். என் வாயால்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மெயிலில் இரண்டே வரி. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆறு மாதம் கழித்து நான் மறுபடி விண்ணப்பிக்கலாம். காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கோடிங் சுற்று நன்றாகவே போனது. இரண்டு கேள்விக்கும் விடை எழுதி, இரண்டாவதற்கு வேகத்தைக் கூட்டும் வழியையும் சொன்னேன். சறுக்கியது மூன்றாவது சுற்றில், சிஸ்டம் டிசைனில். ரேட் லிமிட்டர் வடிவமைக்கச் சொன்னார்கள்: ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 100 கோரிக்கை. ரெடிஸில் ஒரு கவுண்டர், 60 விநாடியில் காலாவதி என்று உற்சாகமாகப் படம் போட்டேன். "59-வது விநாடியில் 100, 61-வது விநாடியில் இன்னொரு 100 வந்தால்?" என்று கேட்டார். இரண்டு விநாடிக்குள் 200 கோரிக்கை உள்ளே போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதை எப்படியோ சமாளித்தேன். அடுத்து, இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் கவுண்டரைப் படித்தால் என்ன ஆகும் என்றார். நான் `GET` செய்து, ஒன்று கூட்டி, `SET` செய்வதாக எழுதியிருந்தேன். இருவருமே 99 என்று படித்து, இருவருமே 100 என்று எழுதிவிடுவார்கள். `INCR` ஒன்று போதும், அந்தச் சிக்கலே வராது. அன்றாடம் வேலையில் பயன்படுத்துகிற கட்டளைதான். பலகை முன்னால் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. தெரியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசியிருந்தால் உங்கள் பெயரையும் சேர்த்துக் கெடுத்திருப்பேன்.

கேள்வி கேட்டவர் நல்ல மனிதர். கடைசி பத்து நிமிடம் டோக்கன் பக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று அவரே வரைந்து காட்டினார். அன்றிரவே உட்கார்ந்து முழுவதையும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ரொம்ப லேட்டாக.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அக்கா. எனக்காக யாரிடமும் போய் ஏன் எடுக்கவில்லை என்று விசாரிக்க வேண்டாம், மறுபரிசீலனை செய்யச் சொல்லவும் வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியவர் என்று தெரிந்துதான் முன்கூட்டியே சொல்கிறேன். அவர்கள் நியாயமாகத்தான் நடத்தினார்கள். நாளைக்கு வேறொரு ஜூனியருக்காக நீங்கள் கேட்கும்போது உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பு அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் செய்தது வீண் போகவில்லை. என் ரெஸ்யூமேயில் "பங்காற்றினேன்" என்று வந்த ஏழு இடங்களிலும் சிவப்புக் கோடு போட்டு, "நீ என்ன செய்தாய், அதனால் எது மாறியது?" என்று எழுதி அனுப்பினீர்களே, அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தத் திருத்திய ரெஸ்யூமேயைப் பார்த்துத்தான் இன்னொரு நிறுவனத்திலிருந்து யார் சிபாரிசும் இல்லாமல் அழைத்திருக்கிறார்கள். முதல் சுற்று வருகிற வியாழக்கிழமை.

அங்கேயும் டிசைன் சுற்று உண்டு. அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு முக்கால் மணி நேரம் ஒழிந்தால், போனிலேயே எனக்கு ஒரு மாதிரி நேர்காணல் எடுக்க முடியுமா? ஞாயிறு எந்நேரமும் நான் சும்மாதான் இருப்பேன். வேலை நெருக்கடி என்றால் விட்டுவிடுங்கள், நண்பர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். முடிந்தால் இரக்கமே இல்லாமல் கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து உங்கள் நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கத்தான் போகிறேன். அப்போதும் ரெஃபர் செய்வீர்களா என்று இப்போதே கேட்கமாட்டேன். இடையில் என்ன படித்தேன் என்று காட்டிவிட்டு வந்து கேட்கிறேன்.

வியாழக்கிழமை எப்படிப் போனது என்று அன்றைக்கே சொல்கிறேன். இந்த முறைபோல மூன்று நாள் ஆகாது.

நன்றி அக்கா.

அன்புடன்,
நிவேதா