பருவங்கள் ஏன் மாறுகின்றன: பதிவுக்கான வசனம், ஸ்லைடு 1–3

0:00 ஸ்லைடு 1
வணக்கம். வெயில் காலத்தில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?
(2 விநாடி நிறுத்தம்)

0:10 ஸ்லைடு 2
இந்தப் படத்தைப் பாருங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ.; மிகத் தள்ளிப் போவது ஜூலையில், 15.2 கோடி. ஜனவரியில்தானே நமக்கு மார்கழிக் குளிர்!

0:32 ஸ்லைடு 3
(அம்புக்குறி அச்சின் மேல். ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாசிக்க வேண்டாம், தூக்கம் வரும்.)
காரணம் இந்தச் சாய்வு. அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்தபடியே பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜூனில் வட பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், கதிர் நேராக விழும், பகலும் நீளும். சரி, டிசம்பரில் ஆஸ்திரேலியாவில்? வீடியோவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

1:02 5 விநாடி மௌனம். வெட்டு.