பி.பார்ம் ஆறாம் பருவம், உயிர்மருந்தாக்கவியல் மாதிரித் தேர்வு: மருந்து வடிவங்கள், உயிர்க்கிடைப்பு, பொடிக்கக் கூடாத மாத்திரைகள்

நேரம்: 90 நிமிடங்கள்
மொத்த மதிப்பெண்கள்: 40

எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். விடைகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். மருந்துகளின் வணிகப் பெயர்களைத் தவிர்த்துப் பொதுப்பெயர்களையே பயன்படுத்துக. 'ஏன்' என்று கேட்கப்படும் இடங்களில் காரணமின்றி முடிவை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது.

பகுதி அ (5 × 2 = 10)

1. என்டெரிக் பூச்சிட்ட மாத்திரையை இந்திய பார்மகோப்பியாவின் சிதைவுச் சோதனையில் முதலில் இரண்டு மணி நேரம் 0.1 M ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், அதன் பிறகு pH 6.8 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலிலும் வைக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் உடலின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது, ஒவ்வொன்றிலும் மாத்திரையிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன?

2. பான்டோப்ரசோல், ஆஸ்பிரின் ஆகிய இரண்டிற்கும் என்டெரிக் பூச்சு இடப்படுகிறது. ஆனால் பூச்சின் நோக்கம் இரண்டிலும் ஒன்றல்ல. வேறுபாட்டை விளக்குக.

3. நெஞ்சுவலிக்காக நாவின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை நோயாளி தண்ணீருடன் விழுங்கிவிட்டால் எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. ஏன்?

4. ஒரு பொதுப்பெயர் மருந்தையும் அதன் மூல மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வில், AUC விகிதத்தின் 90% நம்பக இடைவெளி 74% முதல் 98% வரை அமைந்தது. வழக்கமான 80–125% வரம்பின்படி இம்மருந்து உயிர்ச்சமானம் உடையதா? 'பொதுப்பெயர் மாத்திரையில் 20% மருந்து குறைவாக இருந்தாலும் அனுமதிப்பார்கள்' என்று கடைகளில் சொல்லப்படும் கருத்தின் பிழையை ஓரிரு வாக்கியங்களில் சுட்டிக்காட்டுக.

5. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பாலுடன் விழுங்க வேண்டாம் என்று மருந்தாளுநர் சொல்வதன் வேதியியல் காரணம் என்ன?

பகுதி ஆ (16)

6. தன்னார்வலர் ஒருவருக்கு ஒரு மருந்து 100 மி.கி. நரம்பு வழியாகச் செலுத்தப்பட்டபோது AUC 40 மி.கி.·மணி/லி. எனவும், வேறொரு நாளில் அதே மருந்து 200 மி.கி. வாய்வழி கொடுக்கப்பட்டபோது AUC 24 மி.கி.·மணி/லி. எனவும் கணிக்கப்பட்டது.

F = (AUC_oral × Dose_iv) / (AUC_iv × Dose_oral)

(அ) வாய்வழி உயிர்க்கிடைப்பைக் கணக்கிடுக. (2)
(ஆ) மருந்து குடல்சுவரை முழுமையாகக் கடந்துவிட்டது என்றும், குடலில் சிதைவு ஏதும் இல்லை என்றும் தனிச் சோதனையில் தெரிந்தது. எஞ்சிய பங்கு எங்கே போனது? முற்றிய கல்லீரல் சுருக்க நோய் உள்ளவரிடம் இந்த F மதிப்பு எந்தத் திசையில் மாறும், அதனால் வாய்வழி அளவை எவ்வாறு சரிசெய்ய வேண்டும்? (3)

7. 1968-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவில், ஃபெனிட்டோயின் கேப்ஸ்யூல்களின் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. கேப்ஸ்யூலில் இருந்த ஃபெனிட்டோயினின் அளவு மாறவில்லை; வலிப்பு நோயாளிகளும் வழக்கம்போலவே உட்கொண்டனர். ஆயினும் பலரிடம் ஃபெனிட்டோயின் நச்சுத்தன்மையின் அறிகுறிகள் தோன்றின. இதற்கான காரணத்தை விளக்குக. உட்கிரகிப்பில் ஏற்படும் சிறு உயர்வுகூட ஃபெனிட்டோயினில் இவ்வளவு பெரிய விளைவைத் தருவதற்கு, அதன் வளர்சிதைமாற்றத்தின் எந்தத் தனித்தன்மை காரணம்? (5)

8. ஒரு நாளுக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டிய, 24 மணி நேரம் நீடித்து வெளிப்படும் 30 மி.கி. நிஃபெடிபின் மாத்திரையை முழுதாக விழுங்கிய நிலையையும், பொடித்து உட்கொண்ட நிலையையும் ஒரே வரைபடத்தில் இரு வளைகோடுகளாக வரைக. குறைந்தபட்ச செயல்செறிவையும் நச்சுச்செறிவையும் கிடைக்கோடுகளாகக் குறித்து, Cmax, Tmax ஆகிய இரண்டும் எவ்வாறு இடம்பெயர்கின்றன எனக் காட்டுக. முதல் சில மணி நேரங்களில் நோயாளிக்கு நேரும் ஆபத்தையும், நாளின் பிற்பகுதியில் நேரும் வேறொரு ஆபத்தையும் தனித்தனியே எழுதுக. (6)

பகுதி இ (14)

9. பக்கவாதத்தால் விழுங்க இயலாத 68 வயது ஆண் ஒருவருக்கு ரைல்ஸ் குழாய் பொருத்தப்பட்டுள்ளது. நரம்பியல் வார்டின் செவிலியர் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "எல்லா மாத்திரைகளையும் உரலில் ஒன்றாகப் போட்டுப் பொடித்துத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாக விடலாமா, சார்?" என்று கேட்கிறார். மருந்துச் சீட்டில், நீடித்து வெளிப்படும் மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மி.கி., என்டெரிக் பூச்சிட்ட பான்டோப்ரசோல் 40 மி.கி., மெல்லிய பூச்சிட்ட அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நீடித்து வெளிப்படும் சோடியம் வால்ப்ரோயேட் 500 மி.கி., மெல்லிய பூச்சிட்ட ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. ஆகியவை உள்ளன. பேச்சின் இடையே, தாம் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதையும் செவிலியர் குறிப்பிடுகிறார்.

(அ) ஒவ்வொரு மருந்தையும் பொடிக்கலாமா கூடாதா என்று காரணத்துடன் எழுதி, கூடாதவற்றுக்கு மருத்துவரிடம் நீங்கள் பரிந்துரைக்கும் மாற்று வடிவத்தைக் கூறுக. (10)
(ஆ) "மெட்டோப்ரோலால் மாத்திரையின் நடுவில் கோடு இருக்கிறதே, உடைக்கலாம் என்றுதானே பொருள்? அப்படியானால் பொடித்தால் என்ன?" என்று செவிலியர் கேட்டால் உங்கள் பதில் என்ன? (2)
(இ) மாத்திரைகள் அனைத்தையும் ஒன்றாகப் பொடிப்பதில், மேற்கூறியவை தவிர, வேறு என்ன தவறு உள்ளது? (2)

திருத்துவோருக்கான குறிப்பு: வினா 6, 8, 9

வினா 6-இல் விடை 0.30 அல்லது 30%. வாய்பாட்டில் அளவுகளை இடம் மாற்றிப் போட்டு 1.2 என்று எழுதும் மாணவர்கள் உண்டு; உயிர்க்கிடைப்பு 100 விழுக்காட்டைத் தாண்டியதைக் கண்டும் ஐயுறாமல் விட்டவருக்கு (அ) பிரிவில் மதிப்பெண் வேண்டாம். எஞ்சிய 70% கல்லீரலின் முதற்கடப்பில் இழக்கப்பட்டது; சுருக்க நோயில் F உயரும், அளவைக் குறைக்க வேண்டும்.

வினா 8-இல் பெரும்பாலானோர் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிவதை எழுதுவர். ஆனால் ஒரே நேரத்தில் முழு அளவும் வெளிப்பட்டுவிட்டதால், அடுத்த வேளைக்கு முன்பே செறிவு செயல்மட்டத்திற்குக் கீழே இறங்கி அழுத்தம் மீண்டும் உயரும் என்பதை எழுதியவருக்கே முழு மதிப்பெண்.

வினா 9-இல் 'எஸ்.ஆர். மாத்திரை, ஆகவே பொடிக்கக் கூடாது' என்ற மனப்பாட வரி போதாது. பொடித்தால் எந்த அமைப்பு குலைந்து என்ன நிகழும் என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். மெட்டோப்ரோலாலுக்கு, உடனடியாக வெளிப்படும் டார்ட்ரேட் உப்பு மாத்திரையைப் பிரித்த வேளைகளில் கொடுக்கலாம். பான்டோப்ரசோல் அமிலத்தில் சிதைவது என்பதால் நரம்புவழி வடிவமோ, குழாய்க்கு ஏற்ற வேறொரு புரோட்டான் பம்ப் தடுப்பானோ ஏற்கப்படும். வால்ப்ரோயேட்டுக்கு வாய்வழித் திரவம். மொத்த நாளளவைப் பல வேளைகளாகப் பிரிக்க வேண்டும் என்பதை மறந்தவருக்கு ஒரு மதிப்பெண் குறைக்க. அட்டோர்வாஸ்டாட்டினின் பூச்சு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவதல்ல, ஆகவே பொடிக்கலாம். 'பூச்சு உள்ள எல்லாமே கூடாது' என்று எழுதியவர் பாடத்தைப் பாதிதான் புரிந்துகொண்டவர். ஃபினாஸ்டெரைடில் நோயாளிக்குக் கேடில்லை, கையாளுபவருக்கே கேடு: பொடியைத் தொடும் கர்ப்பிணியின் ஆண்கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். வேறொருவர் கையுறை அணிந்து, பொடிக்காமல் மூடிய சிரிஞ்சுக்குள்ளேயே நீரில் கரையவிட்டுக் கொடுப்பது, அல்லது இப்போதைக்கு அம்மருந்து தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்பது ஆகிய இரண்டும் சரியான விடைகளே.

(ஆ) பிரிவில், அம்மாத்திரை பூச்சிட்ட நுண்மணிகள் பலவற்றைச் சேர்த்து அழுத்தியது, பாதியாக உடைத்தால் மணிகள் குலைவதில்லை, பொடித்தாலோ மென்றாலோ குலையும் என்ற கருத்து இருந்தால் போதும். (இ) பிரிவில் மருந்துகளின் இடைவினை, குழாய் அடைப்பு, ஒவ்வொரு மருந்துக்கும் இடையே நீர்விட்டுக் கழுவாமை, உரலில் ஒட்டி வீணாகும் அளவு ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு ஏற்கத்தக்கவை.